ஏறிய எண் சொல்வது என்ன?

2020-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி பம்பாய் பங்கு மார்க்கெட்டின் சென்செக்ஸ் எண் ஒரே நாளில் 3,935 புள்ளிகள் சரிந்து 25,981-இல் வந்து நின்றது. மறுநாள் இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஆலைகள் மூடின. கட்டட வேலை நின்றது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்திருந்த தொழிலாளர்கள் மூட்டையும் குழந்தையுமாக நெடுஞ்சாலைகளில் நடந்தார்கள். அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவிகிதம் சுருங்கிவிட்டதாகச் சர்க்காரின் முதல் மதிப்பீடே ஒப்புக்கொண்டது. ஆனால் 2021 ஜனவரி 21-ஆம் தேதி, அதே சென்செக்ஸ் வரலாற்றில் முதன்முறையாக 50,000-ஐத் தொட்டது. பத்தே மாதங்களில் ஏறக்குறைய இரட்டிப்பு!

எது ஏறியது? யாருக்கு ஏறியது? இதுதான் கேள்வி.

எண் ஏறினால் நாடே ஏறுகிறது என்று முழங்குவோர் ஒரு பக்கம். அந்த எண்ணே புரட்டு, சூதாடிகளின் கணக்கு, நமக்கும் அதற்கும் என்ன என்று கைகழுவுவோர் மறு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தில் நம் தோழர்களே பலர் இருக்கிறார்கள். இரு சாராரும் தவறு செய்கிறார்கள் என்பது நமது கருத்து. எண் பொய் சொல்வதில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதில் சொல்கிறது. கேட்கப்பட்ட கேள்வி எது என்று அறியாமல் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆடுவதும் அழுவதும்தான் பிழை.

குறியெண் என்பது தொழிலாளிக்குப் புதிய சரக்கல்ல. பஞ்சப்படிக்காகப் போராடிய எந்தச் சங்கத் தோழரும் விலைவாசிக் குறியெண்ணை அறிவார். அரிசிக்கு எவ்வளவு எடை, வீட்டு வாடகைக்கு எவ்வளவு எடை, துணிக்கு எவ்வளவு எடை என்பதில்தான் சங்கடமே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். வாடகைக்கு எடையைக் குறைத்துவிட்டால், வாடகை எவ்வளவு ஏறினாலும் குறியெண் அசையாது, பஞ்சப்படியும் அசையாது. பங்கு மார்க்கெட் குறியெண்ணும் அதே ஜாதிதான். சில கம்பெனிகளின் பங்கு விலைகளை ஒரு கூடையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்து, ஒரே எண்ணாகச் சொல்கிறார்கள். அந்த எடையைக் கொடுப்பதில் இரண்டு பெரிய முறைகள் உண்டு. ஒன்று, பங்கின் விலையையே எடையாகக் கொள்வது. மற்றொன்று, கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பை எடையாகக் கொள்வது.

கணக்காகவே பார்த்துவிடுவோம். மூன்று கம்பெனிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனியின் பங்கு 900 ரூபாய். மொத்தம் 10 லட்சம் பங்குகள். எனவே அதன் மொத்த மதிப்பு 9 ஆயிரம் லட்சம், அதாவது 90 கோடி. இரண்டாவதன் பங்கு 200 ரூபாய். 1 கோடியே 5 லட்சம் பங்குகள். மதிப்பு 210 கோடி. மூன்றாவதன் பங்கு வெறும் 100 ரூபாய்தான். ஆனால் 7 கோடி பங்குகள். மதிப்பு 700 கோடி. மூன்றும் சேர்ந்து 1,000 கோடி.

விலைவழி முறைக்காரர் என்ன செய்கிறார்? 900, 200, 100 ஆகிய மூன்றையும் கூட்டுகிறார், 1,200 வருகிறது. மூன்றால் வகுக்கிறார், 400 என்கிறார். மதிப்புவழி முறைக்காரர் 1,000 கோடியை எடுத்துக்கொண்டு, அதற்கு 1,000 என்று எண் கொடுக்கிறார்.

மறுநாள் முதல் கம்பெனியின் பங்கு நூற்றுக்குப் பத்து ஏறி 990 ஆகிறது. மூன்றாவதன் பங்கு நூற்றுக்கு ஐந்து இறங்கி 95 ஆகிறது. இரண்டாவது அசையவில்லை. விலைவழி முறைக்காரர் கூட்டுகிறார்: 990, 200, 95, மொத்தம் 1,285. மூன்றால் வகுத்தால் 428 சொச்சம். “மார்க்கெட் 7 சதவிகிதம் ஏறிற்று!” என்று அறிவிக்கிறார். மதிப்புவழி முறைக்காரரும் கூட்டுகிறார்: முதல் கம்பெனி 99 கோடி, இரண்டாவது 210 கோடி, மூன்றாவது 665 கோடி, மொத்தம் 974 கோடி. “மார்க்கெட் 2.6 சதவிகிதம் இறங்கிற்று!” என்று அவர் அறிவிக்கிறார்.

ஒரே நாள். ஒரே மூன்று கம்பெனிகள். ஒருவருக்கு ஏற்றம், மற்றவருக்கு இறக்கம். இருவரில் எவரும் கணக்கில் தவறவில்லை. எவரும் பொய் சொல்லவில்லை. பங்குதாரர்களின் மொத்தச் சொத்தில் அன்று 26 கோடி கரைந்தது என்பதே நிகழ்ந்த உண்மை. அதைச் சொன்னது இரண்டாவது எண். மிகச் சிறிய கம்பெனியின் பங்குச் சீட்டில் பெரிய விலை அச்சாகியிருந்ததால், முதல் எண் அதன் பின்னால் ஓடிவிட்டது.

பங்கின் விலைக்கும் கம்பெனியின் பருமனுக்கும் தொடர்பில்லையா என்று தோழர்கள் கேட்கலாம். ஒரு முழுப் பூசணிக்காயை நான்கு துண்டாக வெட்டினாலும் நாற்பது துண்டாக வெட்டினாலும் காய் ஒன்றுதானே? துண்டின் விலைதான் மாறும். நம் சென்னையில் தலைமையகமும் திருவொற்றியூரில் ஆலையும் கொண்ட எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூன் 13-ஆம் தேதி அதன் ஒரு பங்கு 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் எந்தக் கம்பெனியின் பங்கும் அதற்குமுன் தொடாத விலை அது. அந்நாட்களில் ரிலையன்ஸ் பங்கு ஏறக்குறைய 2,500 ரூபாய். சீட்டின் விலையைப் பார்த்தால் எம்.ஆர்.எஃப். நாற்பது மடங்கு பெரியது. ஆனால் எம்.ஆர்.எஃப். கம்பெனிக்கு இருப்பது சுமார் 42 லட்சம் பங்குகள்தான்; மொத்த மதிப்பு 42 ஆயிரம் கோடி சொச்சம். ரிலையன்ஸுக்கு அன்று இருந்தவை 676 கோடி பங்குகள். மொத்த மதிப்பு சுமார் 17 லட்சம் கோடி. உண்மையில் ரிலையன்ஸ்தான் நாற்பது மடங்கு பெரியது! இரண்டையும் விலைவழி முறையில் ஒரே கூடையில் போட்டால், எம்.ஆர்.எஃப். பங்கு ஒரு சதவிகிதம் நகர்வது ரிலையன்ஸ் பங்கு நாற்பது சதவிகிதம் நகர்வதற்குச் சமமாகிவிடும்.

இத்தகைய முறையை யார் கைக்கொள்வார்கள் என்று எண்ண வேண்டாம். உலகப் பத்திரிகைகள் நாள்தோறும் முதலில் சொல்லும் அமெரிக்க ‘டோ ஜோன்ஸ்’ எண் விலைவழி எண்தான். ஜப்பானின் நிக்கேயும் அதே இனம்தான். சார்லஸ் டோ என்ற பத்திரிகையாளர் 1896 மே 26-ஆம் தேதி 12 கம்பெனிகளின் பங்கு விலைகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, 40.94 என்று வெளியிட்டார். பென்சிலும் காகிதமும் இருந்தால் போதும். எவரும் போடக்கூடிய கணக்கு. 1928-இல் கம்பெனிகள் 30 ஆயின. அன்றுமுதல் கூடையில் 30 கம்பெனிகளே.

ஆனால் ஒரு கம்பெனி தன் பங்கைத் துண்டு போட்டால் என்ன செய்வது? நமது மூன்று கம்பெனிக் கணக்கிலேயே, முதல் கம்பெனி தன் 900 ரூபாய்ப் பங்கை மூன்றாக்கி 300 ரூபாய்ப் பங்குகளாகத் தருகிறது என்போம். எவருக்கும் லாபமில்லை, நஷ்டமில்லை. ஆனால் விலைகளின் கூட்டுத்தொகை 1,200-லிருந்து 600-க்கு விழுந்துவிடுகிறது. எண் பாதியாகாமல் 400-லேயே நிற்க வேண்டுமானால், மூன்றால் வகுப்பதை விட்டு 1.5-ஆல் வகுக்க வேண்டும். இப்படித்தான் வகுக்கும் எண்ணை மாற்றிக்கொண்டே போகிறார்கள். எண் தப்பியது, எடை தப்பியதா? இல்லை. துண்டு போடுமுன் முதல் கம்பெனி நூற்றுக்குப் பத்து ஏறியிருந்தால் எண் 7.5 சதவிகிதம் ஏறியிருக்கும். துண்டு போட்டபின் அதே பத்து சதவிகிதம் எண்ணை 5 சதவிகிதம் மட்டுமே ஏற்றும். மதிப்புவழி எண்ணிலோ, துண்டுக்கு முன்னும் பின்னும் 90 கோடி 99 கோடியாகும், எண் 0.9 சதவிகிதம் ஏறும், இம்மியும் மாறாது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2020 ஆகஸ்ட் 31-ஆம் தேதி டோ ஜோன்ஸில் நடந்தது இதுவேதான். ஆப்பிள் கம்பெனி தன் ஒரு பங்கை நான்காக்கியது. 499 டாலராக இருந்த பங்கு சுமார் 125 டாலரானது. ஆப்பிளின் மொத்த மதிப்பு அன்று 2 லட்சம் கோடி டாலருக்கு மேல். அதில் ஒரு காசு குறையவில்லை. ஆனால் டோ எண்ணில் அதற்கிருந்த எடை நூற்றுக்குப் பன்னிரண்டு அளவிலிருந்து மூன்றாகச் சுருங்கியது. அன்று முதல் அந்த எண்ணில் அதிக எடை எவருக்கு? யுனைடெட்ஹெல்த் என்ற மருத்துவ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு. அதன் மொத்த மதிப்பு ஆப்பிளில் ஏழில் ஒரு பங்குதான்; ஆனால் அதன் ஒரு பங்கின் விலை 300 டாலருக்கு மேல்! ஆப்பிள் துண்டு போட்டதால் தொழில்நுட்பத் துறைக்கு எடை குறைந்துவிட்டது, அதை ஈடுகட்ட வேண்டும் என்று காரணம் கூறி, எண்ணை நடத்துவோர் அதே நாளில் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி உள்ளிட்ட மூன்றை வெளியேற்றி வேறு மூன்றைச் சேர்த்தார்கள். ஒரு கம்பெனி சீட்டை வெட்டியது. கூடையையே மாற்ற வேண்டி வந்தது.

அன்று வகுக்கும் எண் ஏறக்குறைய 0.152 ஆயிற்று. 30 பங்குகளின் விலையைக் கூட்டினால் சுமார் 4,350 டாலர். அதை 30-ஆல் வகுத்தால் 145. ஆனால் 0.152-ஆல் வகுத்து 28 ஆயிரத்துச் சொச்சம் என்று அறிவித்தார்கள். இன்றும் அதற்குப் பெயர் ‘சராசரி’! “டோ 500 புள்ளி பாய்ந்தது” என்ற தலைப்பைக் கண்டால், அன்றையக் கணக்கில் முப்பது பங்குகளின் விலைகளும் சேர்ந்து 76 டாலர் ஏறின என்பதே அதன் முழுப் பொருள். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அப்படியானால் மதிப்புவழி எண்தான் நேர்மையானதா? சொத்தின் மதிப்பை அளப்பதில் அது சரியான தராசு என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அமெரிக்காவில் 1957-இல் 500 கம்பெனிகளோடு தொடங்கிய எஸ். அண்டு பி. எண் அம்முறையைச் சேர்ந்தது. நம் நாட்டின் 30 கம்பெனி சென்செக்ஸும், 50 கம்பெனி நிஃப்டியும் அவ்வாறே. இவற்றில் இன்னொரு திருத்தமும் உண்டு. நிறுவனரின் குடும்பமோ சர்க்காரோ கையில் பிடித்து வைத்திருக்கும் பங்குகளைக் கழித்துவிட்டு, மார்க்கெட்டில் கைமாறக்கூடிய பங்குகளை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். சென்செக்ஸ் 2003 முதலும், நிஃப்டி 2009 முதலும் இந்த வழியில் கணக்கிடப்படுகின்றன. ரிலையன்ஸில் பாதியளவு நிறுவனர் குடும்பத்தார் வசம். எனவே மீதிப் பாதிக்குத்தான் எடை.

ஆனால் இந்தத் தராசின் இயல்பையும் பார்க்க வேண்டும். தேர்தலில் ஆளுக்கு ஒரு ஓட்டு. இங்கே ரூபாய்க்கு ஒரு ஓட்டு! 2024-ஆம் ஆண்டில் எச்.டி.எஃப்.சி. வங்கி, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி, ரிலையன்ஸ் ஆகிய மூன்று மட்டுமே சென்செக்ஸின் எடையில் கால்பங்குக்கு மேல் வைத்திருந்தன. பேச்சுக்கு அதை மூன்றில் ஒரு பங்கு என்றே கொண்டு கணக்குப் போடுவோம். அம்மூன்றும் 3 சதவிகிதம் ஏறி, மீதி 27 கம்பெனிகளும் ஒவ்வொரு சதவிகிதம் இறங்கினால் என்ன ஆகும்? மூன்றின் ஏற்றம் எண்ணை 1 சதவிகிதம் உயர்த்தும். இருபத்தேழின் இறக்கம் அதை முக்கால் சதவிகிதத்துக்கும் குறைவாகவே தாழ்த்தும். முடிவில் எண் ஏறியிருக்கும்! இருபத்தேழு வீட்டில் இழவு, மூன்று வீட்டில் கல்யாணம். ஊரில் மேளச் சத்தம் என்று செய்தி. இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அன்று ஏறிய கம்பெனிகள் எத்தனை, இறங்கியவை எத்தனை என்ற கணக்கும் வணிகப் பக்கத்தில் வெளியாகிறது. எண் ஏறி, இறங்கியவை அதிகமாக இருந்தால், தூக்கிப் பிடித்தவர்கள் சிலரே என்று அறியலாம்.

கூடையும் நிலையானதல்ல. 1978-79-ஐ 100 என்று வைத்துத் தொடங்கிய சென்செக்ஸில் அன்றிருந்த கம்பெனிகள் பலவற்றை இன்று காண முடியாது. தேய்ந்தவை வெளியே போகின்றன. வளர்ந்தவை உள்ளே வருகின்றன. போகும்வரை அடைந்த நஷ்டம் எண்ணில் பதிவாகிறது என்பது மெய். ஆனால் போனபின் அந்த ஆலை பூட்டப்பட்டாலும், அங்கே வேலை செய்தவர்கள் தெருவில் நின்றாலும், எண்ணுக்கு அது தெரியாது. மறுபுறம், கம்பெனிகள் தரும் லாப ஈவு இந்த எண்ணில் சேர்வதில்லை. எனவே பங்குதாரருக்குக் கிடைத்த முழு வரவையும் அது காட்டுவதில்லை.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். 2020-இல் நாடு சுருங்க, எண் ஏன் ஏறியது? கடந்த மாதம் எத்தனை பேருக்கு வேலை போயிற்று என்பது பங்கின் விலையல்ல. இந்தப் பெரிய கம்பெனி இனி வரும் ஆண்டுகளில் எவ்வளவு லாபம் ஈட்டும் என்று பணம் வைத்திருப்போர் போடும் மதிப்பீடே அது. வட்டி குறைந்தால் வருங்கால லாபத்துக்கு இன்று கூடுதல் விலை தருவார்கள். 2020-இல் ரிசர்வ் வங்கியும் அமெரிக்க மத்திய வங்கியும் வட்டியைக் குறைத்தன. ஊரடங்கில் மூடிய சிறு பட்டறையும், தெருவோர டீக்கடையும், பீடிக் கொட்டகையும் எந்தக் கூடையிலும் இல்லை. அவற்றின் வியாபாரம் பெரிய கம்பெனிகளுக்குப் போனால், எண் இறங்காது, ஏறும்! ஆகவே அந்த 50,000 பொய்யல்ல. முப்பது பெரிய கம்பெனிகளின் வருங்கால லாபத்துக்கு மார்க்கெட் அதிக விலை வைத்தது என்ற செய்தி அது. நாடு நலமாயிற்று என்ற செய்தியை அதில் ஏற்றிச் சொன்னவர்கள்தான் புரட்டு செய்தார்கள்.

நமக்கும் அதற்கும் என்ன என்போருக்கு ஒரு வார்த்தை. 2015 ஆகஸ்ட் முதல் தொழிலாளர் சேமநல நிதியின் ஒரு பகுதி, சென்செக்ஸையும் நிஃப்டியையும் அப்படியே பின்பற்றும் நிதிகளில் போடப்படுகிறது. புதிதாக முதலீடாகும் பணத்தில் முதலில் நூற்றுக்கு 5, பின்னர் 10, 2017-இல் 15. அதாவது நம் சம்பளத்தில் பிடித்த பணம், இந்த எடைகளின்படியே அந்தப் பெரிய கம்பெனிகளுக்குப் பங்கிடப்படுகிறது. 2019-20-க்கு அறிவித்த 8.5 சதவிகித வட்டியில் 8.15-ஐ மட்டும் கடன் பத்திர வரவிலிருந்து தருவதாகவும், மீதி 0.35-க்கு இந்தப் பங்கு நிதிகளை 2020 டிசம்பருக்குள் விற்று வழி செய்வதாகவும் அவ்வாண்டு செப்டம்பரில் சொன்னார்கள். எண் மீண்டு ஏறியதால் விற்க முடிந்தது, வட்டி வந்தது. ஏறாதிருந்தால்?

ஆகவே, வெறுத்து ஒதுக்கவும் வேண்டாம். மயங்கி நிற்கவும் வேண்டாம். நிதியின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கிறார்கள். எந்த எண்ணைப் பின்பற்றுகிறோம், அதில் எத்தனை கம்பெனிகளிடம் எடை குவிந்திருக்கிறது, எண் விழுந்த ஆண்டில் வட்டிக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பது அவர்கள் கடமை. கேட்டார்களா என்று கேட்பது நம் கடமை. பஞ்சப்படிக் குறியெண்ணில் அரிசிக்கு என்ன எடை என்று கேட்கத் தெரிந்த தொழிலாளிக்கு இதைக் கேட்பது பெரிய வித்தையல்ல.

நாளை மீண்டும் ஒரு ‘வரலாறு காணாத உயர்வு’ தலைப்பாக வரும். புள்ளியைப் பார்க்காதீர், நூற்றுக்கு எவ்வளவு என்று பாரும். 25 ஆயிரத்தில் 500 புள்ளி நூற்றுக்கு இரண்டு. 80 ஆயிரத்தில் அதே 500 ஒன்றுகூட இல்லை. பிறகு, எதை எடையாக வைத்து நிறுத்தார்கள் என்று கேளும். அந்தத் தராசுத் தட்டில் கூலி இல்லை, வேலை இல்லை, ரேஷன் அரிசி இல்லை. வைக்காத சரக்கைத் தராசு எப்படி நிறுக்கும்?